வாட்ஸ்அப்பில் உங்களை பிளாக் செய்துவிட்டார்களா? வரிசையாகச் சோதித்துப் பார்க்கும் முறை

சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடையில் நிற்கிறேன். டோப் அப் போடவும் உடைந்த ஸ்கிரீன் மாற்றவும் வருகிறவர்கள், வேலை முடிந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி இது: “இவங்க என்னை பிளாக் பண்ணிட்டாங்களான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” பெரும்பாலும் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். படம் போய்விட்டது, கடைசியாக வந்த நேரம் தெரியவில்லை, போன் போட்டால் கட்டாகிறது என்று மூன்று காரணம் சொல்வார்கள். அந்த மூன்றுமே எதையும் நிரூபிக்காதவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களை யார் பிளாக் செய்தார்கள் என்பதை வாட்ஸ்அப் ஒருபோதும் நேராகச் சொல்லாது. பிளாக் செய்தவரின் தனியுரிமைக்காக அடையாளங்களை வேண்டுமென்றே மங்கலாக வைத்திருப்பதாக அந்த நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. அதனால் “பிளாக் செய்திருக்கிறார்” என்று நூற்றுக்கு நூறு காட்டும் வழி கிடையாது. “பிளாக் செய்யவில்லை” என்பதை மட்டும் உறுதியாகக் காட்ட முடியும். கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் போகிறது: முதலில் சந்தேகத்தை உடைக்கப் பாருங்கள். எங்கேயும் உடையவில்லை என்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

1. சோதனைக்கு முன்னால்

உங்கள் பக்கம் சரியாக இருக்க வேண்டும். வேறு ஒருவருக்கு ஒரு செய்தி அனுப்பி, அது போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். டேட்டா தீர்ந்துபோனது தெரியாமல், யாருமே தன்னிடம் பேசுவதில்லை என்று வருத்தத்தோடு வந்தவர்கள் உண்டு.

அடுத்து, உங்களுடைய சொந்த அமைப்பைப் பாருங்கள். Settings, அதில் Privacy, அதில் Last seen and online. இங்கே நீங்கள் Nobody என்று வைத்திருந்தால் மற்றவர்களின் கடைசி வருகை நேரமும் உங்களுக்குத் தெரியாது. அதே Privacy பக்கத்தில் Read receipts அணைந்திருந்தால் தனிச் செய்திகளில் நீல டிக் உங்களுக்கும் வராது. பிள்ளைகள் யாரோ எப்போதோ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், வைத்திருப்பவருக்கே நினைவு இருக்காது.

மூன்றாவது, அந்த உரையாடலை அழிக்காதீர்கள். கோபத்தில் முழுவதையும் துடைத்துவிட்டு வந்தால் பழைய டிக்குகளும் தேதிகளும் போய்விடும். எப்போதிலிருந்து மாற்றம் வந்தது என்பதைக் காட்டுகிற ஒரே பதிவு அதுதான். வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி போடுவதாலும் ஒரு பயனும் இல்லை. பிளாக் என்பது எதிராளியின் கணக்கில் இருக்கிற ஒன்று, உங்கள் போனைச் சுத்தம் செய்வதால் அது மாறாது.

2. டிக்குகளைச் சரியாகப் படியுங்கள்

செய்திக்குப் பக்கத்தில் கடிகாரப் படம் இருந்தால் அது உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை. ஒரு டிக் வந்தால் வாட்ஸ்அப்பின் சர்வர்வரை போய்விட்டது. இரண்டு சாம்பல் டிக் வந்தால் எதிராளியின் போனுக்கோ, அவர் இணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் திறந்து பார்த்துவிட்டார்.

பிளாக் செய்யப்பட்டவரின் செய்தி ஒரு டிக்கோடு நின்றுவிடும். ஆனால் போன் அணைந்திருந்தாலும், டேட்டா தீர்ந்திருந்தாலும், செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்காத பள்ளத்தில் வேலை செய்தாலும் அதே ஒரு டிக்தான். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். மதியம் அவர் திரும்பும்வரை உங்கள் செய்தி ஒரு டிக்கோடுதான் நிற்கும். ஆகவே காலையில் அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இரண்டு மூன்று நாளாவது விடுங்கள். அதில் ஒரு நாள் அவருக்கு வேலையில்லாத நாளாக இருக்கட்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. போய்ச் சேராத செய்தியை வாட்ஸ்அப் 30 நாள்தான் சர்வரில் வைத்திருக்கும், அப்புறம் அழித்துவிடும். ஒருவர் போன் கெட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தால், நீங்கள் முதலில் அனுப்பியது கடைசிவரை ஒரு டிக்கோடுதான் இருக்கும். அவர் பிளாக் செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. அதனால் பழைய செய்தியை வைத்து எடை போடாமல் புதிதாக ஒன்று அனுப்புங்கள்.

அந்தப் புதுச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். “ஏன் என்னை பிளாக் பண்ணினே?” என்று அனுப்பாதீர்கள். அவர் பிளாக் செய்யாமல் இருந்தால், அந்த வரியைப் படித்த பிறகு செய்யத் தோன்றும். “அப்பாவுக்கு அடுத்த வாரம் கிளினிக்ல அப்பாய்ண்ட்மெண்ட்” என்பதுபோல, உண்மையாகவே சொல்ல வேண்டிய ஒரு சேதி போதும். ஒன்றே ஒன்று. இருபது செய்தி அனுப்பினால் சோதனை ஒன்றும் துல்லியமாகிவிடாது.

3. சந்தேகத்தை உடைக்கும் அடையாளங்கள்

இந்த நான்கில் ஏதாவது ஒன்று, நீங்கள் சந்தேகப்படும் நாளுக்குப் பிறகு தென்பட்டால் போதும். அந்த நேரத்தில் அவர் உங்களை பிளாக் செய்திருக்கவில்லை.

புதுச் செய்திக்கு இரண்டாவது டிக் வந்தால்.

உரையாடலின் மேலே, பெயருக்குக் கீழே online என்றோ, கடைசி வருகை நேரமோ தெரிந்தால்.

அவருடைய படம் புதிதாக மாறி, அந்தப் புதுப் படம் உங்களுக்குத் தெரிந்தால். பழைய படம் அப்படியே இருப்பதை இதில் சேர்க்க வேண்டாம். பிளாக் செய்தால் படத்தில் வரும் மாற்றம் உங்களுக்குத் தெரியாது என்பதுதான் விதி.

வாட்ஸ்அப் அழைப்பில் Calling என்பது Ringing என்று மாறினால். அவர் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அழைப்பு அவர் போனைத் தொட்டுவிட்டது. முன்பின் தெரியாத எண்களின் அழைப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கும் வசதி 2023-இல் வந்தது. உங்கள் எண்ணை அவர் சேமித்து வைக்காமல், அந்த வசதியையும் போட்டிருந்தால், உங்கள் பக்கம் மணி அடிக்கும், அவர் பக்கம் அடிக்காது.

இதில் ஒன்று கிடைத்தவுடன் நிறுத்திவிடுங்கள். இரண்டு டிக் வந்திருக்கிறது, ஆனாலும் பதில் இல்லை என்றால் அது பேச விரும்பாததாலோ, நேரமில்லாததாலோ, உங்கள் உரையாடலை அவர் சத்தமில்லாமல் ஆக்கிவைத்திருப்பதாலோ இருக்கலாம். அது வருத்தம் தரும் விஷயம்தான், ஆனால் அதைப் போனைச் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

4. எதையும் நிரூபிக்காத அடையாளங்கள்

இங்கேதான் மக்கள் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, படம் காணாமல் போவது. தன் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அவரவர் அமைத்துக்கொள்ளலாம். எல்லோரும், என் தொடர்பில் இருப்பவர்கள், சிலரைத் தவிர மற்றவர்கள், யாரும் வேண்டாம் என்று நான்கு நிலை உண்டு. இதில் My contacts என்பதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருக்கிறீர்களா என்பது இங்கே கணக்கே இல்லை. அவர் போனில் உங்கள் எண் இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஒருவர் போன் தொலைந்து புதுப் போன் வாங்குகிறார், பழைய எண்கள் எதுவும் திரும்ப வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கே அவருடைய சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு அவர் படம் மறைந்துவிடும். அவர் யாரையும் எதுவும் செய்யவில்லை, எண்களைத் தொலைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த மாதிரி நேரத்தில் இரண்டு டிக் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். படம் போன அதிர்ச்சியில் யாரும் டிக்கைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. “சிலரைத் தவிர” என்ற நிலையில் உங்கள் ஒருவர் பெயரை மட்டும் போட்டு, படத்தையும் கடைசி வருகையையும் மறைக்கலாம். அது வேண்டுமென்றே செய்ததுதான், ஆனாலும் அது பிளாக் ஆகாது. உங்கள் செய்தி அவருக்குப் போகும், அழைப்பும் போகும்.

இரண்டாவது, கடைசி வருகை நேரம் தெரியாதது. இதற்கும் அதே நான்கு நிலைகள். 2022-க்குப் பிறகு online என்பதையும் சேர்த்தே மறைக்க முடிகிறது. முன்பு கடைசி வருகையை மறைத்தவர்கூட உள்ளே இருக்கும்போது online என்று தெரிவார். அந்தப் பழைய பழக்கத்தை வைத்து, “லாஸ்ட் சீன் மறைச்சா பரவால்ல, ஆன்லைன் கூட தெரியலையே” என்று இப்போதும் வாதாடுகிறார்கள். இன்றைக்கு அந்த வாதம் நிற்காது.

மூன்றாவது, நீல டிக் வராதது. அவர் Read receipts-ஐ அணைத்திருந்தால் படித்த பிறகும் சாம்பல் டிக்தான் இருக்கும். இரண்டு டிக் இருக்கும்போதே பிளாக் இல்லை என்பது உறுதியாகிவிட்டது, நிறத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது, ஸ்டேட்டஸ் தெரியாதது. ஸ்டேட்டஸை யாருக்குக் காட்டுவது என்பது தனி அமைப்பு. உங்கள் எண்ணை அவர் சேமிக்காமல் இருந்தாலும் தெரியாது. தங்கைக்குத் தெரிகிறது எனக்குத் தெரியவில்லை என்றால், தங்கை பட்டியலில் இருக்கிறாள், நீங்கள் இல்லை. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, சாதாரண அழைப்பு ஒரு மணி அடித்துக் கட்டாவது, அல்லது தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் அறிவிப்பு வருவது. போனில் எண்ணைத் தடுப்பதும் வாட்ஸ்அப்பில் பிளாக் செய்வதும் வேறு வேறு. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானாக நடக்காது. அந்த அறிவிப்பு போன் அணைந்திருந்தாலும் வரும், லைன் இல்லாவிட்டாலும் வரும். ப்ரீபெய்ட் காலக்கெடு முடிந்து லைன் செத்துப்போனவர்கூட, வீட்டு வைஃபையில் அதே எண்ணோடு வாட்ஸ்அப் ஓட்டிக்கொண்டிருப்பார். அவருக்குச் சாதாரண அழைப்பு போகாது, வாட்ஸ்அப் செய்தி மட்டும் போகும்.

5. எண் உயிரோடு இருக்கிறதா?

ஒரு டிக்தான் நிற்கிறது, சந்தேகத்தை உடைக்கிற எதுவும் கிடைக்கவில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது எண். பிளாக்கைப் பற்றி இன்னும் யோசிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் புது உரையாடல் தொடங்கும் பட்டியலைத் திறந்து அவர் பெயரைத் தேடுங்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் Invite என்று வந்தால் அந்த எண்ணில் இப்போது வாட்ஸ்அப் கணக்கே இல்லை. அவரே கணக்கை அழித்திருப்பார், அல்லது 120 நாள் பயன்படுத்தாமல் கிடந்து தானாக அழிந்திருக்கும். உங்களை பிளாக் செய்தவரின் கணக்கு அப்படிக் காட்டாது, சாதாரணமாகவே பட்டியலில் இருக்கும்.

கணக்கு இருந்தும் போன் பழையதாக இருக்கலாம். 2025 தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. பேரப்பிள்ளைகள் கொடுத்த பழைய போனை வைத்துக்கொண்டிருந்த தாத்தா பாட்டிகள் திடீரென்று “பேசாமல் போனது” பல வீடுகளில் இதனால்தான்.

எண் கைமாறியும் இருக்கலாம். இங்கே டோப் அப் போடாமல் விட்ட ப்ரீபெய்ட் எண் சில மாதங்களில் ரத்தாகி, பிறகு வேறு யாருக்காவது விற்கப்படும். முகம் தெரியாத ஒருவரின் படம் வந்து உட்கார்ந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் புது ஆளுக்கு உங்கள் குடும்பக் கதையை அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள்.

6. குழுச் சோதனை

நம் கையில் இருப்பதிலேயே வலுவான சோதனை இது. அதே சமயம் தப்பாகச் செய்தால் ஆளை அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான்.

இது வேலை செய்வதற்குக் காரணம்: பிளாக் என்பது இருவருக்கிடையே உள்ள தனிப் பாதையை மட்டும்தான் அடைக்கும். இருவரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தால், குழுவில் நீங்கள் போடுவது அவருக்குப் போகும், அவர் போடுவது உங்களுக்கு வரும். ஆகவே குழு வழியாக அவர் போன் உயிரோடு இருப்பது தெரிந்து, தனிச் செய்தி மட்டும் நின்றுபோனால், போன் அணைந்திருக்கிறது, லைன் இல்லை என்ற காரணங்கள் எல்லாம் விழுந்துவிடும்.

செய்ய வேண்டிய வரிசை இப்படி. முதலில் தனிச் செய்தி அனுப்புங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஏற்கெனவே இருக்கிற பொதுக் குழுவில் எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றைப் போடுங்கள். கோயில் திருவிழாத் தேதியோ, வீட்டு விசேஷமோ, எதுவானாலும் சரி. சில மணி நேரம் கழித்து அந்தக் குழுச் செய்தியை அழுத்திப் பிடித்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் Info-வைத் தொடுங்கள். ஐபோனில் செய்தியை இடப்பக்கம் இழுத்தால் போதும். Read by, Delivered to என்று இரண்டு பட்டியல் நேரத்தோடு வரும். குழுவில் படித்ததற்கான அடையாளத்தை யாராலும் அணைத்து வைக்க முடியாது, அதனால் இந்தப் பட்டியலை நம்பலாம்.

அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால் குழுச் செய்தியும் போகவில்லை. அவர் போன்தான் அடங்கிக் கிடக்கிறது, காத்திருங்கள். பெயர் இருந்து, பக்கத்தில் உள்ள நேரம் உங்கள் தனிச் செய்திக்குப் பிந்தையதாக இருந்து, தனிச் செய்தி இன்னும் ஒரு டிக்கோடு நின்றால் சந்தேகம் பலமாகிறது.

குழு டிக்கை மட்டும் பார்க்காதீர்கள். குழுவில் இரண்டாவது டிக் எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். பன்னிரண்டு பேரில் ஒரு சித்தப்பாவின் போன் அணைந்திருந்தாலும் ஒரு டிக்தான் நிற்கும். Info பக்கத்துக்குப் போயே ஆக வேண்டும்.

பொதுக் குழு இல்லாவிட்டால் இந்தச் சோதனைக்காகவே புதிதாக ஒரு குழு தொடங்கி அவரைச் சேர்க்கப் பார்க்காதீர்கள். சேர்க்க முடியவில்லை என்று வந்தாலும் அதற்குக் குழு அமைப்பும் காரணமாக இருக்கலாம், அதனால் பதில் தெளிவாகாது. நீங்கள் முயன்றது அவருக்குத் தெரிந்துபோக மட்டும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பதிலாக அவரோடு வழக்கமாகப் பேசும் ஒருவரிடம், “இன்னிக்கு அவருக்கு மெசேஜ் போகுதா?” என்று மட்டும் கேளுங்கள். அவரைத் தூது போகச் சொல்லாதீர்கள்.

7. ஒரு முழு உதாரணம்: ஒரே பெயர், இரண்டு எண்

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா. மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை. தீபாவளிக்கு அவன் வராமல் போனதில் போனிலேயே வாக்குவாதம் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர் அனுப்பியது எதுவும் ஒரு டிக்குக்கு மேல் போகவில்லை. அவரிடம் குழுச் சோதனைகூட ஆயத்தமாக இருந்தது. “குடும்ப குரூப்புல தினமும் காலையில வணக்கம் போடுறான் தம்பி. நான் அனுப்புறது மட்டும் போகல. படம்கூட பாருங்க, குரூப்புல புதுப்படம், எனக்கு மட்டும் பழைய படம்.”

மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே பொருந்துகிறது. ஒரு டிக், படம் மாறவில்லை, குழுவில் ஆள் உயிரோடு இருக்கிறான். அவர் போனை வாங்கி, தனி உரையாடலின் மேலே உள்ள பெயரைத் தொட்டேன். +60 என்று தொடங்கும் மலேசிய எண். பிறகு குழுவின் பெயரைத் தொட்டு, உறுப்பினர் பட்டியலில் அதே “பெரியவன்” என்ற பெயரைத் திறந்தேன். அங்கே +65.

நடந்தது இதுதான். மகன் புதுப் போன் வாங்கி, சிங்கப்பூர் சிம்மில் வாட்ஸ்அப்பைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். Change number வசதியைப் பயன்படுத்தியிருந்தால் பழைய கணக்கு புது எண்ணுக்கு மாறியிருக்கும், அம்மாவுக்கும் அறிவிப்பு போயிருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. பழைய போன் எங்கோ அணைந்து கிடக்க, பழைய கணக்கு பழைய படத்தோடு அப்படியே இருந்திருக்கிறது. வீட்டில் இருக்கும் மகள் அண்ணனின் புது எண்ணை அதே “பெரியவன்” பெயருக்குள்ளேயே இரண்டாவது எண்ணாகச் சேமித்துக் கொடுத்திருக்கிறாள். இரண்டு கணக்கும் ஒரே பெயரில் தெரிந்ததால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை.

+65 எண்ணுக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். “சாப்டியாப்பா” என்று எழுதினார். கடையில் நிற்கும்போதே இரண்டு டிக் வந்தது. சாயந்திரம் மகனே அழைத்துப் பேசியதாகப் பிறகு சொன்னார்.

ஆகவே குழுச் சோதனைக்கு முன்னால் எண்ணை இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிடுங்கள். பெயரை நம்பாதீர்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் ஜோகூர் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள், இரண்டு சிம் வைத்திருப்பது சர்வசாதாரணம். நான் பார்த்தவரையில் “நிச்சயமாக பிளாக்தான்” என்று வந்து இல்லையென்று முடிந்ததில் இந்தக் குழப்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எண்ணும் ஒன்றாக இருந்து நேர்மாறாக முடிந்ததும் உண்டு. பந்து விளையாடுகிற பையன்களில் ஒருவன், தன் கூட்டாளிக்குச் சாயந்திரம் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அதே இரவு அவர்களுடைய அணிக் குழுவில் அவன் போட்டதைக் கூட்டாளி படித்துவிட்டதாக Read by பட்டியல் காட்டியது. எண் ஒன்றுதான். அடுத்தடுத்த நாள்களிலும் தனிச் செய்தி நகரவில்லை, வாட்ஸ்அப் அழைப்பு Calling-ஐத் தாண்டவில்லை. பெரும்பாலும் பிளாக்தான் என்று அவனிடம் சொன்னேன். அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எந்தக் கடைக்காரராலும் முடியாது.

8. முடிவுக்கு வருவது

கீழே சொல்வது எல்லாம் சேர்ந்து, சில நாள் மாறாமல் இருக்க வேண்டும். புதுச் செய்தி ஒரு டிக்கோடு நிற்கிறது. கடைசி வருகையும் online-உம் தெரியவில்லை. படத்தில் மாற்றம் எதுவும் வரவில்லை. வாட்ஸ்அப் அழைப்பு Ringing ஆகவில்லை. இவற்றோடு, அதே எண்ணுக்குக் குழுச் செய்தியோ மற்றவர்களின் செய்தியோ அதே காலத்தில் போய்ச் சேர்கிறது.

கடைசியாகச் சொன்னது இல்லாமல் முதல் நான்கு மட்டும் இருந்தால் அணைந்துபோன போனுக்கும் பிளாக்குக்கும் வித்தியாசம் காண முடியாது. அந்த நிலையில் “தெரியவில்லை” என்பதே சரியான பதில், அதோடு நிறுத்துங்கள்.

அழைப்பை ஒரே ஒரு முறை, மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் செய்து பாருங்கள். விடாமல் அழைத்துக்கொண்டே இருந்தால், இதுவரை பிளாக் செய்யாத ஒருவர்கூட அதற்குப் பிறகு செய்யலாம். அப்புறம் நீங்கள் எதைச் சோதித்தீர்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

9. செய்யக் கூடாதவை

யார் உங்களை பிளாக் செய்தார்கள் என்று காட்டுவதாகச் சொல்லும் செயலிகளைப் போடாதீர்கள். அந்தத் தகவலை வாட்ஸ்அப் வெளியே கொடுப்பதே இல்லை, ஆகவே எந்தச் செயலிக்கும் அது தெரிய வழியில்லை. குறிப்பாக, வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஏபிகே கோப்பாக யாராவது அனுப்பினால் தொடவே வேண்டாம். நம் நாட்டில் வங்கிக் கணக்கைத் துடைக்கிற மோசடிகளில் அந்த வழி நன்றாகவே தெரிந்த ஒன்று. கணக்கைச் சரிசெய்கிறேன் என்று யாராவது உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கும் உங்கள் வங்கிக்கும் அழையுங்கள்.

கூட்டாளியின் போனிலிருந்தோ புது சிம் வாங்கியோ அவரைப் பிடிக்கப் பார்க்காதீர்கள். அவர் பிளாக் செய்திருந்தால் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஒருவருக்கு மன உளைச்சலோ பயமோ உண்டாக்கும் நோக்கத்தில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது 2023-இலிருந்து மலேசியக் குற்றவியல் சட்டம் 507ஏ பிரிவின்கீழ் குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. கணவன் மனைவி, காதல் விவகாரங்களில் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். பிள்ளைகள் விஷயமாகவோ பணம் விஷயமாகவோ பேசியே ஆக வேண்டும் என்றால், இருவருக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரை நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள்.

ஒருவேளை அவரே பிறகு பிளாக்கை எடுத்துவிட்டால் உங்களுக்கு எந்த அறிவிப்பும் வராது. பிளாக் இருந்த காலத்தில் நீங்கள் அனுப்பியவையும் அவருக்குப் போகாது, ஒரு டிக்கோடு அப்படியே நிற்கும். அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி எதுவும் அதில் இருந்தால், புதிய செய்திக்கு இரண்டு டிக் வருவதைப் பார்த்த பிறகு அதை மட்டும் மறுபடி எழுதி அனுப்புங்கள்.